கூட்டத்தின் நடுவே மணிக்கட்டில் ஒரு தட்டு: நிமிர, எழ, மெல்ல மூச்சுவிட நினைவூட்டும் ஸ்மார்ட்வாட்ச் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கூன் போட்டு உட்கார்ந்திருந்தால் கடிகாரமே கண்டுபிடித்துச் சொல்லிவிடுமா?

சொல்லாது. விளம்பரப் படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கடிகாரத்துக்குள் இருக்கும் அசைவு உணரிகளுக்குத் தெரிவது உங்கள் மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு அசைகிறது என்பது மட்டும்தான். நிமிர்ந்து உட்கார்ந்து மேசைமேல் கை வைத்திருப்பவருக்கும், நாற்காலியில் சரிந்து கிடந்தபடி அதே மேசைமேல் கை வைத்திருப்பவருக்கும் மணிக்கட்டு ஒரே நிலையில்தான் இருக்கும். முதுகைப் பற்றித் தெரிய வேண்டுமானால் உணரி முதுகில் இருக்க வேண்டும். மேல்முதுகில் ஒட்டிக்கொள்ளும் 'அப்ரைட் கோ' போன்ற சிறு கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன; குனிந்தால் அங்கேயே அதிரும்.

ஆகவே கைக்கடிகாரத்தில் 'நிமிர்ந்து உட்கார்' என்ற நினைவூட்டல் வந்தால், அது வெறும் நேரக் கணக்கு. நீங்கள் நேராக இருந்தாலும் வரும், வளைந்திருந்தாலும் வரும். இதைக் குறையாக எண்ண வேண்டாம். எந்த நிலையில் இருந்தாலும் அதிலேயே அரை மணி நேரம் உறைந்து கிடப்பதுதான் முதுகுக்கு ஆகாதது. அதை முறிப்பதற்கு நேரக் கணக்கே போதும்.

எழுந்து நிற்கச் சொல்லும் வசதி கடிகாரத்திலேயே இருக்கிறதே, அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா?

அது எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஆப்பிள் வாட்ச் கடிகார மணியை ஒட்டிக் கணக்கிடுகிறது. பத்து மணி முதல் பதினொன்று வரை ஒரு கட்டம், பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அடுத்த கட்டம். ஒரு கட்டத்துக்குள் ஒரு நிமிடமாவது எழுந்து நடமாடினால் அந்தக் கட்டம் முடிந்ததாகக் குறித்துக்கொள்ளும். முதல் 50 நிமிடமும் உட்கார்ந்தே இருந்தால்தான் தட்டும். ஃபிட்பிட்டும் இதே பாணிதான்: மணிக்கு 250 காலடி நடந்தீர்களா என்று பார்த்து, மணி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் அதிரும்.

இப்போது ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். காலை 10:00 மணிக்கு உங்கள் இருக்கையிலிருந்து எழுந்து, நீண்ட தாழ்வாரத்தைக் கடந்து, 10:02-க்குக் கூட்ட அறையில் உட்காருகிறீர்கள். அந்த இரண்டு நிமிட நடையோடு பத்து மணிக் கட்டம் முடிந்துவிட்டது. 10:50-க்குக் கடிகாரம் வாய் திறக்காது. அடுத்த தட்டு 11:50-க்குத்தான். நடுவில் 108 நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தும், மாலையில் திரையைப் பார்த்தால், எழுந்த மணிகளைக் காட்டும் வளையம் அழகாக நிரம்பியிருக்கும்.

கார்மினும் சாம்சங்கும் வேறு வழியில் போகின்றன. எப்போது கடைசியாக அசைந்தீர்களோ அங்கிருந்து எண்ணத் தொடங்கும். கார்மினில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் `Move!` என்று வரும்; அதன் பிறகும் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் சிவப்புப் பட்டை நீளும். சாம்சங் 50 நிமிடத்தில் எச்சரிக்கும். நீண்ட கூட்டங்களுக்கு இந்தக் கணக்குதான் நேர்மையானது. ஆனால் கையை ஆட்டி ஆட்டிப் பேசுபவரை இவையும் சில நேரம் நடப்பவர் என்று நம்பிவிடும். கரும்பலகையில் எழுதும் ஆசிரியருக்கும் அப்படியே. எதிர்ப்பக்கமும் உண்டு: எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டால், நிற்பதையே கண்டுகொள்ளாத கடிகாரங்கள் இருக்கின்றன.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை எழ வேண்டும் என்று மருத்துவக் கணக்கு ஏதாவது உண்டா?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உட்காரும் நேரத்தைக் குறைக்கச் சொல்கின்றன. இத்தனை நிமிடம் என்று வரம்பு எதையும் வைக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் டியஸ் குழுவினர் நடத்தி 2023-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் மெல்ல நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரை நன்றாகக் குறைந்தது. மணிக்கு ஒரு நிமிடம் மட்டும் நடந்தபோது சர்க்கரையில் அந்தப் பலன் தெரியவில்லை. பங்கேற்றவர்கள் 11 பேர்தான் என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்.

கூட்டத்தின் நடுவே அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நடக்க எந்த அலுவலகமும் விடாது. எனவே நான் பரிந்துரைப்பது இது: அரை மணிக்கு ஒரு முறை நிலையை மாற்றுங்கள், மணிக்கு ஒரு முறை கால்களுக்கு வேலை கொடுங்கள், இடைவேளை கிடைத்தால் அதை முழுக்க நடந்தே கழியுங்கள்.

என்னிடம் இருப்பது இரண்டாயிரம் ரூபாய்க் கடிகாரம். திங்கள்தோறும் 10 மணி முதல் 1 மணி வரை ஆய்வுக் கூட்டம். எப்படி அமைப்பது?

விலை இதில் தடையே இல்லை. இந்த விலைக் கடிகாரங்களின் செயலியில் `Sedentary reminder` என்று ஒன்று இருக்கும். தொடக்க நேரம், முடிவு நேரம், இடைவெளி ஆகியவற்றைக் கேட்கும். அதை அணைத்து வையுங்கள். கூட்டத்தின் போக்கு அதற்குத் தெரியாது. அதற்குப் பதிலாகக் கடிகாரத்தின் அலாரங்களைத் திங்கட்கிழமைக்கு மட்டும் வையுங்கள். அலாரம் பெரும்பாலும் கடிகாரத்துக்குள்ளேயே பதிந்துவிடும்; போன் பையில் இருந்தாலும் அணைந்திருந்தாலும் வேலை செய்யும். ஒரு கூட்டத்துக்கு நான்கு போதும்.

உங்கள் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 11:30-க்குத் தேநீர், 12:25-க்கு உங்கள் பிரிவின் கணக்கை நீங்கள் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். 10:30-க்கு முதல் அதிர்வு, முதுகுக்கு. 11:00-க்கு இரண்டாவது, கால்களுக்கு. 11:30-க்கு அலாரம் தேவையில்லை. தேநீர்க் கோப்பையோடு தாழ்வாரத்தில் நடந்துவிட்டு வருவீர்கள். 12:00-க்கு மூன்றாவது, மறுபடி முதுகுக்கு. 12:20-க்கு நான்காவது, மூச்சுக்கு; உங்கள் முறை வர ஐந்து நிமிடம் இருக்கும்போது. அதற்குப் பிறகு ஒன்றும் வைக்காதீர்கள். பேசி முடித்தவுடன் உடம்பு தானாகவே தளரும், கூட்டமும் முடியும் தறுவாயில் இருக்கும்.

எந்த அதிர்வு எதற்கு என்று எப்படி நினைவில் வைப்பது என்று தோன்றலாம். மணியைப் பாருங்கள்: பன்னிரண்டு வரை அரை மணியில் வந்தால் முதுகு, முழு மணியில் வந்தால் கால். தேநீருக்கு எழுந்துவிட்டதால் பன்னிரண்டு மணியில் மட்டும் இது மாறுகிறது. இரண்டு வாரத்தில் பழகிவிடும். அதுவரை கூட்டக் குறிப்பேட்டின் ஓரத்தில் நான்கு நேரங்களையும் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அலாரம் எண்ணிக்கை போதவில்லை என்றால் போனின் நாட்காட்டியில் வாரந்தோறும் வரும் நிகழ்வாகப் பதியுங்கள். நிகழ்வின் பெயர் கடிகாரத் திரையில் தெரியும் என்பதை மறக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் 'மூச்சு விடு' என்று படித்துவிட்டால் அந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். 'மு', 'கா' என்று ஓரெழுத்தாக வையுங்கள். மலிவான சில கடிகாரங்களில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது 1, 2, 3 என்று எண்களே போதும்.

ஆப்பிள் வாட்ச், கார்மின் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆப்பிள் வாட்ச் அமைப்புகளில் `Accessibility` பகுதியில் `Chimes` என்று ஒன்று உண்டு. மணிக்கு ஒரு முறை, அரை மணிக்கு ஒரு முறை, கால் மணிக்கு ஒரு முறை என மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கடிகாரம் ஒலியடங்கிய நிலையில் இருந்தால் மணியோசைக்குப் பதில் மணிக்கட்டில் தட்டும். அரை மணி என்று வைத்தால் முதுகுக்கான நினைவூட்டல் அங்கேயே முடிந்தது. கார்மினின் இறங்குமுக டைமரில், முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும்படி வைக்கலாம். 30 நிமிடம் வைத்துக் கூட்டம் தொடங்கும்போது ஒரு முறை அழுத்தினால் போதும்.

அதிர்வு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிறது. 'போன் அடிக்கிறது' என்று சொல்கிறார்கள். எப்படி அடக்குவது?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கடிகாரங்களில் இரண்டு வகை அதிர்வுப் பொறிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பக்கம் எடை கூடிய துண்டைச் சுழற்றும் சின்ன மோட்டார். சுழன்று வேகம் பிடிக்கவும் நிற்கவும் நேரம் எடுப்பதால் 'டர்ர்ர்' என்று இழுக்கும். மற்றது, சுருள்வில்லில் பொருத்திய எடையை முன்னும் பின்னுமாகத் தள்ளுவது. இது விரலால் தட்டியது போலச் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். விலை கூடிய கடிகாரங்களில் பெரும்பாலும் இரண்டாவது வகை. வாங்குமுன் கடையில் கையில் கட்டி, ஓர் அலாரத்தை ஓடவிட்டுப் பார்த்தால் எந்த வகை என்று உடனே தெரியும்.

எந்த வகையானாலும் அதிர்வின் வேகம் நம் காது கேட்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. காற்றில் கையைத் தூக்கி வைத்திருந்தால் அந்தச் சத்தம் ஓரடிக்கு அப்பால் போகாது. மணிக்கட்டு மரப்பலகை மேசையில் படிந்திருந்தால் மேசையே வீணைக் குடம்போல் அதைப் பெருக்கிவிடும். ஒட்டுப்பலகை மேசைகள், உள்ளே கூடான இழுப்பறை மேசைகள் இன்னும் மோசம். உலோகப் பட்டை அணிந்திருந்தால் கண்ணிகள் மேசையில் மோதி ஒரு கிலுகிலுப்பு கூடச் சேரும்.

செய்ய வேண்டியது மூன்று. பட்டை சிலிக்கானாகவோ துணியாகவோ இருக்கட்டும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலோடு ஒட்டும்படி கட்டுங்கள்; தொளதொளவென்று இருந்தால் சத்தம் கூடும், உணர்வு குறையும். அதிர்வு நேரம் நெருங்கும்போது கடிகாரக் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையவழிக் கூட்டமானால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மடிக்கணினியின் விசைப்பலகைக்குக் கீழுள்ள இடத்தில் மணிக்கட்டை ஊன்றியிருப்பீர்கள். ஒலிவாங்கியும் அதே உடம்பில்தான் இருக்கிறது. உங்களுக்கு மெல்லிய தட்டு. எதிர்முனையில் இருப்பவர்களுக்கு டிராக்டர். கூட்டத்துக்கு முன்பே சோதித்துப் பாருங்கள்: போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசைமேல் ஓரடி தள்ளி வையுங்கள். ஒரு நிமிட டைமர் வைத்து, வழக்கமாக உட்காரும்படி கையை ஊன்றிக் காத்திருங்கள். பிறகு பதிவைக் கேட்டால் அறையில் இருப்பவர்களுக்கு என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

கூட்டம் என்பதால் 'தொந்தரவு செய்யாதே' நிலையில் போட்டுவிடுகிறேன். பிறகு நினைவூட்டலே வருவதில்லை. ஏன்?

அந்த நிலை எல்லா அறிவிப்புகளையும் சேர்த்தே அடைத்துவிடும். எழச் சொல்லும் தட்டும் நாட்காட்டி அறிவிப்பும் அதோடு போய்விடும். அலாரம் பெரும்பாலும் தப்பித்து வரும். அதனால்தான் மேலே அலாரத்தைச் சொன்னேன்.

உங்களுக்கு வேண்டியது சத்தம் மட்டும் அடங்கிய நிலை. `Silent Mode` என்று இருப்பதைப் போட்டுக்கொண்டு, வாட்ஸ்அப், மின்னஞ்சல், செய்தி, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாவற்றையும் கடிகாரச் செயலியில் ஒவ்வொன்றாக அணையுங்கள். தொலைபேசி அழைப்பும் நாட்காட்டியும் மட்டும் இருக்கட்டும். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்து பயனில்லை. உறவினர் குழுவில் காலை வணக்கப் படங்கள் வந்து மணிக்கட்டு பத்து முறை அதிர்ந்த பிறகு, பதினோராவது அதிர்வு முதுகுக்கானது என்று யாருக்கு உறைக்கும்?

முதல் சில நாள் சரியாக வந்தது. இப்போது வருவதும் இல்லை, ஏன் என்றும் தெரியவில்லை.

நாட்காட்டி வழியாக வைத்திருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போன், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் கடிகாரச் செயலியைப் பின்னணியில் மூடியிருக்கும். போன் அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய் `Unrestricted` என்று மாற்றினால் சரியாகும். ஐபோனில் கதை வேறு. போன் பூட்டு திறந்து உங்கள் கையில் ஓடிக்கொண்டிருந்தால், அறிவிப்பு போனுக்கே போகும். கடிகாரம் சும்மா இருக்கும். கூட்டத்தில் மேசைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மணிக்கட்டில் தட்டு வராதது இதனால்தான்.

முதுகுக்கான அதிர்வு வந்ததும் சரியாக என்ன செய்ய வேண்டும்? விறைப்பாக நிமிர்ந்தால் ஐந்து நிமிடத்தில் வலிக்கிறது.

விறைக்க வேண்டாம். அணிவகுப்பில் நிற்பவர்போல் நெஞ்சைத் தள்ளி உட்கார்ந்தால் முதுகுத் தசைகள் சீக்கிரம் களைத்து, முன்பைவிட மோசமாகச் சரிவீர்கள். கீழிருந்து தொடங்குங்கள். இரண்டு பாதங்களும் தரையில் படியட்டும். பின்புறத்தை நாற்காலியின் முதுகுவரை தள்ளி உட்காருங்கள். பெரும்பாலான சரிவு இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் நாம் நாற்காலியின் பாதியில் உட்கார்ந்து பின்னால் சாய்கிறோம். பிறகு தோள்களைக் காதருகே ஒரு முறை தூக்கி விட்டுவிடுங்கள். கடைசியாக, முகவாயை ஒரு விரல்கடை பின்னால் இழுங்கள்; தலையை மேலே தூக்குவதல்ல, நேராகப் பின்னுக்கு. எல்லாம் சேர்ந்து பத்து நொடி. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் சரியாக உட்கார்ந்துகொண்டதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி சரிந்தால் சரியட்டும். அடுத்த அதிர்வில் வேறு மாதிரி உட்காருங்கள்: ஒரு முறை பின்னால் சாய்ந்து, ஒரு முறை முழங்கைகளை மேசையில் ஊன்றி முன்னால் வந்து. சாய்மானமில்லாத பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்காரும் பயிற்சி மைய மாணவர்களுக்கு முன்கைகளை மேசையில் ஊன்றுவதுதான் முதுகுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. பிளாஸ்டிக் நாற்காலியானால் ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எப்படி எழுவது?

எழ முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே கெண்டைக்காலை வேலை வாங்குங்கள். கால்களில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுவது அந்தத் தசைதான். முன்பாதத்தைத் தரையில் ஊன்றிக் குதிகால்களை மெல்லத் தூக்கி இறக்குங்கள், இருபது முறை. பிறகு குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், இருபது முறை. மேசைக்குக் கீழே நடப்பது யாருக்கும் தெரியாது. தொடை ஆடக் கூடாது. வேகமாகச் செய்தால் 'ஏன் காலாட்டுகிறீர்கள்' என்று கேட்பார்கள். இது நடைக்கு ஈடாகாது. கால் மரத்துப்போவதைத் தவிர்க்கும்.

எழவே வேண்டும் என்றால் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். கதவோரம், அல்லது கடைசி வரிசையின் ஓரம். சுவரோரம் போய் நின்று கேட்பது பல அலுவலகங்களில் இப்போது யாரும் கண்டுகொள்ளாத விஷயம். கூட்டத்தை நடத்துபவரிடம் 'முதுகு வலி இருக்கிறது சார், நடுவில் கொஞ்ச நேரம் பின்னால் நின்றுகொள்கிறேன்' என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நின்றால் அசையாமல் நிற்காதீர்கள்; எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டிருங்கள்.

மெல்ல மூச்சுவிடுவது என்றால் எவ்வளவு மெல்ல? கடிகாரத்தின் மூச்சுப் பயிற்சியைக் கூட்டத்தில் ஓடவிடலாமா?

சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஏறத்தாழ ஆறாகக் குறைப்பதுதான் இலக்கு: நான்கு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே. இந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகம் கூடும், விடும்போது குறையும். இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் ஏற்பாட்டுக்கும் ஏறத்தாழ பத்து நொடிச் சுழற்சி ஒன்று இருக்கிறது. மூச்சும் பத்து நொடிக்கு ஒன்றாக வந்தால் இரண்டும் ஒத்திசைந்து, அந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். சிலருக்கு ஐந்து சுகமாக இருக்கும், சிலருக்கு ஏழு.

ஆப்பிள் வாட்சின் `Mindfulness` செயலியில் நிமிடத்துக்கு ஏழு மூச்சு என்றுதான் முதலில் இருக்கும். நான்கு முதல் பத்து வரை மாற்றலாம், அதிர்வின் பலத்தையும் கூட்டலாம் குறைக்கலாம். ஆனால் ஓடும்போது திரையில் பூ விரிவது போல ஒளிரும். மங்கலான அறையில் அது எல்லோர் கண்ணையும் இழுக்கும். கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய், அதிர்வை மட்டும் உணருங்கள்.

என்னைக் கேட்டால், கூட்டத்தில் செயலி தேவையே இல்லை. 12:20-க்கு ஒரு தட்டு வரட்டும். மூக்கு வழியாக மனத்துக்குள் நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து சுற்று, ஐம்பது நொடி. யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது செய்யாதீர்கள். வாக்கியம் நடுவில் அறுந்து நிற்கும்.

அப்படிச் செய்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. விரல் நுனி கூசுகிறது.

மூச்சை மெல்ல விடுவதோடு மிக ஆழமாகவும் இழுக்கிறீர்கள். நெஞ்சு முட்ட இழுத்து முழுக்க விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் குறைந்து, இந்தக் கிறுகிறுப்பும் உதட்டோரக் கூச்சமும் வரும். அளவு வழக்கமான மூச்சைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். அடிவயிறு மெல்ல முன்னே வரட்டும், தோள் உயரக் கூடாது. நடுவில் மூச்சை அடக்கவும் வேண்டாம். கிறுகிறுப்பு வந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு வழக்கம்போல் மூச்சுவிடுங்கள், ஓரிரு நிமிடத்தில் தெளியும். ஆஸ்துமா உள்ளவர்களும், மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் இந்த நினைவூட்டலை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

'மன அழுத்தம் கூடியிருக்கிறது, இளைப்பாறு' என்று கடிகாரமே சொல்கிறதே, அதைப் போட்டு வைக்கலாமா?

கூட்டத்தில் வேண்டாம். இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் எப்படி மாறுகிறது என்பதை வைத்து அது ஊகிக்கிறது. மாடிப்படி ஏறி வந்தாலும், இரண்டாவது ஃபில்டர் காபி குடித்தாலும் அந்த எண் ஏறலாம். விற்பனை ஏன் குறைந்தது என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே நொடியில் மணிக்கட்டும் 'நீ பதறுகிறாய்' என்று தட்டினால் யாருக்குத்தான் இளைப்பாறத் தோன்றும்?

ஒரே வாரத்தில் பழகிவிட்டது. அதிர்வு வந்ததே தெரிவதில்லை.

மாறாமல் வருவதைத் தோலும் மூளையும் சீக்கிரமே ஒதுக்கிவிடும். கை அசைந்துகொண்டிருக்கும்போது தொடுவுணர்வும் மங்கும். குறிப்பெழுதும் கையில் கடிகாரம் கட்டியிருந்தால் மறுகைக்கு மாற்றுங்கள். அதிர்வின் பலத்தைக் கூட்டுவது முதலில் தோன்றும் வழி. சத்தமும் கூடவே கூடுவதால் நான் அதைக் கடைசியாக வைப்பேன். எண்ணிக்கையைக் குறையுங்கள். நான்கு அதிர்வில் இரண்டை உண்மையிலேயே செய்கிறீர்கள் என்றால், மற்ற இரண்டையும் அழித்துவிடுங்கள். செய்யாமல் தள்ளிவிடும் ஒவ்வொரு அதிர்வும் அடுத்ததையும் தள்ளிவிடப் பழக்குகிறது. மாதம் ஒரு முறை நேரங்களை ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாக நகர்த்துவதும் உதவும்.

அதிர்வு வரும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துவிடுகிறேன். 'அவசரமாகப் போக வேண்டுமா?' என்று கேட்கிறார்கள்.

கேட்கத்தான் செய்வார்கள். பேசுபவர் எதிரில் மணிக்கட்டைப் பார்ப்பதற்கு ஊரெங்கும் ஒரே அர்த்தம்தான். கையைத் திருப்பினால் திரை ஒளிரும் வசதியைக் கூட்ட நேரத்தில் அணைத்து வையுங்கள். பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்றால் பார்க்கும் பழக்கம் தானே விடும். அலாரம் நிற்காமல் அதிரும் வகையானால், மறுகையின் உள்ளங்கையால் கடிகாரத்தை மூடினாலே சில மாதிரிகளில் அடங்கிவிடும். இல்லையென்றால் பக்கப் பொத்தானைத் தடவி அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள்.

என் மகள் நீட் பயிற்சி வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

வகுப்பில் கடிகாரத்தை அனுமதிக்கிறார்களா என்று முதலில் மையத்தில் கேளுங்கள். அனுமதித்தாலும் விளையாட்டும் செய்தியும் இல்லாத சாதாரண ஃபிட்னஸ் பேண்ட் வகை போதும். அரை மணிக்கு ஓர் அதிர்வு, நிலையை மாற்ற. மாதிரித் தேர்வுகளில் அது இல்லாமலே உட்காரப் பழகட்டும். நீட் தேர்வு அறைக்குள் எந்தக் கடிகாரத்தையும் கொண்டுபோக முடியாது. மூச்சுப் பயிற்சியை மட்டும் கடிகாரம் இல்லாமல் விரல் மடக்கி எண்ணிச் செய்யக் கற்றுக்கொடுங்கள். வினாத்தாள் வருவதற்கு முந்தைய ஐம்பது நொடிக்கு அது கையில் இருக்கும்.

இதையெல்லாம் செய்தும் வலி போகவில்லை என்றால்?

கை அல்லது காலுக்குள் மின்சாரம்போல் இறங்கும் வலி, விரல்கள் மரத்துப்போவது, பிடியில் பலம் குறைவது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் முதுகுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது – இவற்றில் எது இருந்தாலும் நினைவூட்டலை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். கால் வீக்கத்துக்கு அன்றைக்கே போக வேண்டும். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.